மாட்டிக்கொண்ட ரெகுலேட்டரைத் தட்டாதீர்கள்: கடலோர கேஸ் ஏஜென்சிகளுக்கு ஒரு திறந்த மடல்

இராமநாதபுரம் கடலோரத்தில் வீட்டு சிலிண்டர் விநியோகிக்கும் ஏஜென்சிக்காரர்களுக்கும், தெருத்தெருவாக சிலிண்டர் இறக்கும் தம்பிகளுக்கும், வணக்கம்.

தொண்டியிலிருந்து தேவிபட்டினம், மண்டபம், பாம்பன் வழியாக இராமேசுவரம் வரைக்கும், அந்தப் பக்கம் கீழக்கரை, ஏர்வாடி வரைக்கும் அடுப்பும் ரெகுலேட்டரும் பழுது பார்ப்பவர்கள் சேர்ந்து இதை எழுதுகிறோம். விஷயம் ஒன்றுதான். சிலிண்டர் தீர்ந்துவிடும், ரெகுலேட்டர் கழன்று வராது. உடனே யாராவது ஸ்பானரை எடுப்பார்கள், இல்லாவிட்டால் அம்மிக் குழவியை எடுப்பார்கள். அவசரத்தில் இருக்கும் டெலிவரி தம்பி காலால் சிலிண்டரை அணைத்துக்கொண்டு ஒரே இழுப்பாக இழுப்பார். பல நேரம் வந்தும் விடும். கழன்றதோடு வேலை முடிந்தது என்று நினைப்பதில்தான் எங்களுக்குச் சண்டை.

முதலில் அது ஏன் மாட்டிக்கொள்கிறது என்று பார்ப்போம். ரெகுலேட்டரின் அடியில் மேலும் கீழும் நகரும் கருப்பு வளையம் இருக்கிறதல்லவா, அதற்குள்ளே சின்னச் சின்ன இரும்புக் குண்டுகள் வட்டமாக உட்கார்ந்திருக்கும். வளையம் கீழே இறங்கியிருக்கும்போது குண்டுகள் உள்பக்கம் தள்ளப்பட்டு, வால்வின் கழுத்தில் இருக்கும் பள்ளத்தைக் கவ்விப் பிடிக்கும். வளையத்தை மேலே தூக்கினால் குண்டுகளுக்கு விலக இடம் கிடைக்கும், பிடி விடும். நம் ஊரில் அந்த இடுக்கில் உப்பு போய் உட்காருகிறது. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் ஜன்னல் கம்பியில் வெள்ளையாகப் படிகிற அதே உப்புதான். குண்டு துருப்பிடிக்கும், பித்தளைக் கழுத்தில் பச்சையாகக் களிம்பு ஏறும், வளையம் பாதி தூரம் நகர்ந்து நின்றுவிடும்.

இந்த நிலையில் நேரே மேலே இழுத்தால் என்ன ஆகும்? குண்டுகள் பள்ளத்தின் மேல் விளிம்பில் போய் இடித்து, வளையத்துக்கும் கழுத்துக்கும் நடுவில் ஆப்பு வைத்த மாதிரி இறுகும். இழுக்க இழுக்க இறுக்கம் கூடும். ஆகவே முதல் அசைவு மேலே போகக் கூடாது, கீழே போக வேண்டும். ரெகுலேட்டரை உள்ளங்கையால் ஒருமுறை கீழே அழுத்தினால் குண்டுகள் மேல் இருக்கும் சுமை இறங்கும். அழுத்திய நிலையிலேயே வளையத்தை இரண்டு பக்கமும் விரல் கொடுத்துச் சமமாகத் தூக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் வளையம் சாய்ந்து அதுவே மாட்டிக்கொள்ளும். வளையம் முழுக்க மேலே ஏறியதும், அதைப் பிடித்தபடியே ரெகுலேட்டரை இடமும் வலமுமாகக் கொஞ்சம் கொஞ்சம் திருப்பிக்கொண்டு தூக்கினால் வந்துவிடும். வாடிக்கையாளர்களுக்கு நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டியது இந்த அழுத்தலைத்தான்.

அதற்கும் முன்னால் இரண்டு காரியம் இருக்கிறது. ஒன்று, திருகு முழுக்க ஆஃப் பக்கம் வந்திருக்கிறதா என்று பார்ப்பது. ஆன் நிலையில் கழற்ற முடியாதபடிதான் ரெகுலேட்டரைச் செய்திருக்கிறார்கள். பாதியில் நிற்கும் திருகைக் கவனிக்காமல் மாட்டிக்கொண்டது என்று சொல்பவர்கள் ஏராளம். இரண்டு, டியூப். இப்போது வரும் கம்பி பின்னிய ஆரஞ்சு டியூப் விறைப்பானது. அது பக்கவாட்டில் இழுத்துக்கொண்டிருந்தால் ரெகுலேட்டர் சாய்ந்து ஒரு பக்கத்துக் குண்டுகளை நெரிக்கும். சிலிண்டரை நிமிர்ந்த நிலையிலேயே அடுப்புப் பக்கம் நகர்த்தி டியூபைத் தளரவிட்டாலே பாதி ரெகுலேட்டர்கள் வந்துவிடும்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். பாம்பனில் கடலைப் பார்த்த சமையல்கட்டு, வாசலில் கருவாடு காய்கிறது, ஆறு மாதமாக யாரும் துடைக்காத ரெகுலேட்டர், உள்ளே இன்னும் கொஞ்சம் கேஸ் இருக்கிற சிலிண்டர். கேஸ் வாடை இல்லை என்று தெரிந்தபின், அடுப்பில் ஒரு பர்னரை எரியவிட்டு, ரெகுலேட்டரை ஆஃப் செய்ய வேண்டும். டியூபில் இருக்கும் மிச்ச கேஸ் எரிந்து சில நொடிகளில் சுடர் தானாகச் சாக வேண்டும். சாகாமல் எரிந்துகொண்டே இருந்தால் ஆஃப் சரியாக அடைக்கவில்லை என்று அர்த்தம். அடுப்புக் குமிழை மூடிவிட்டு, ரெகுலேட்டரைத் தொடாமல் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டியதுதான். சுடர் செத்தால் அடுப்புக் குமிழ்களை மூடி, வீட்டில் எரியும் விளக்கு, ஊதுபத்தி, பக்கத்து விறகடுப்பு எல்லாவற்றையும் அணைத்து, கதவு ஜன்னலைத் திறந்து, சிலிண்டரின் வெள்ளை மூடியைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மூடி ஏன் முதலிலேயே வேண்டும் என்பது பின்னால் தெரியும்.

அழுத்திப் பார்த்தும் வளையம் பாதியில் நிற்கிறது, இடுக்கில் வெள்ளையாக உப்பு தெரிகிறது என்றால் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியை வளையத்தைச் சுற்றிப் பத்து நிமிடம் கட்டி வைக்கலாம். உப்புதானே, தண்ணீரில் கரையும். கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பாக இருக்கும் வீடுகளில் குடிதண்ணீரையே எடுக்கச் சொல்லுங்கள். தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய், துரு நீக்கும் ஸ்பிரே எதுவும் வேண்டாம். எண்ணெய் உள்ளே இருக்கும் ரப்பரைப் பதம் கெடுக்கும், தூசியையும் உப்பையும் பசை போலப் பிடித்து வைக்கும். மூன்று முறை முயன்றும் வராவிட்டால் அப்படியே விட்டுவிடலாம். திருகு ஆஃபில் இருந்து, இணைப்பில் சோப்புக் குமிழி வராத ரெகுலேட்டர் சிலிண்டர்மேல் இன்னும் ஒரு நாள் உட்கார்ந்திருப்பதால் ஒன்றும் ஆகாது. ஸ்குரூடிரைவரால் நெம்புவதுதான் ஆபத்து. நெம்பினால் பித்தளைக் கழுத்தில் கீறல் விழும், வளையம் உடையும், சில சமயம் வால்வே ஆட்டம் கண்டுவிடும்.

சரி, துணி கட்டியபின் ரெகுலேட்டர் வந்துவிட்டது. கழன்ற கணத்தில் 'உஸ்' என்று விடாமல் சத்தம் வந்தால் வால்வின் நடுவில் இருக்கும் ஊசி மேலே எழும்பி மூடவில்லை என்று பொருள். சுடர் செத்த சோதனை இதைக் காட்டாமல் போகலாம், ஏனென்றால் ரெகுலேட்டர் தன் பக்கம் அடைத்திருந்தாலும் சுடர் சாகும். உடனே வெள்ளை மூடியை வால்வில் அழுத்திப் பொருத்தினால் கசிவு நிற்கும். சிலிண்டரை நிமிர்த்தியபடியே திறந்த வெளிக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு 1906-ஐ அழைக்க வேண்டும். அழைப்பதும் வெளியில் நின்றுதான். வீட்டுக்குள் மின்விசிறி சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது.

சத்தம் இல்லை என்றால் அடுத்தது எங்களை அதிகம் அலைய வைக்கும் இடம். ரெகுலேட்டரைத் தலைகீழாகப் பிடித்து, வால்வுக்குள் இறங்கும் அதன் மூக்கைப் பாருங்கள். நெடுநாள் ஒட்டிக்கிடந்த ரெகுலேட்டர் வரும்போது, வால்வுக்குள் இருந்த கருப்பு வாஷரையும் மூக்கோடு இழுத்துக்கொண்டு வந்துவிடும். அந்த வாஷர் ரெகுலேட்டருக்குச் சொந்தமில்லை, பழைய சிலிண்டருக்குச் சொந்தம். இதைப் பார்க்காமல் புது சிலிண்டரில் மாட்டினால் அங்கே ஏற்கெனவே ஒரு வாஷர் இருக்கும். இரண்டு வாஷர் நடுவில் மூக்கு முழுக்க இறங்காது, வளையம் 'டக்' என்று விழாது, ரெகுலேட்டர் சற்றே சாய்ந்து நிற்கும். ஓங்கி ஒரு குத்து விட்டு உட்கார வைப்பார்கள். மறுநாள் காலையில் வீடெல்லாம் வாடை. ஒட்டிவந்த வாஷரை விரலால் உருவி எடுத்துவிட வேண்டும், அதைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. காலி சிலிண்டரை மூடி போட்டுக் கொடுக்கும்போது வாஷர் வந்துவிட்டது என்று சொல்லி அனுப்பினால் நல்லது.

இனி புது சிலிண்டர். மூடியைத் திறந்து, பகல் வெளிச்சத்தில் வால்வின் வாய்க்குள் பார்த்தால் வாஷர் முறுக்கில்லாமல் வட்டமாகப் படிந்திருக்க வேண்டும். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் கலந்து, அதில் தோய்த்த விரலை வாயின் குறுக்கே இழுத்தால் மெல்லிய சோப்புப் படலம் நிற்கும். ஒரு நிமிடம் அது ஆடாமல் இருந்தால் ஊசி அடைத்திருக்கிறது. படலம் உப்பிக்கொண்டு மேலே வந்தால் அந்த சிலிண்டர் வேண்டாம், மூடி போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். பார்த்தபின் சோப்புத் தண்ணீரைத் துடைத்து உலர்த்திவிட்டுத்தான் ரெகுலேட்டரை மாட்ட வேண்டும். மாட்டியதும் மேலே ஒருமுறை இழுத்துப் பார்க்கவும். பிடி இருந்தால் வராது.

பிறகு திருகு ஆஃபில் இருக்கும்போதே இணைப்பைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்க்க வேண்டும். அடுத்து அடுப்புக் குமிழ்கள் மூடியிருக்க, திருகை ஆன் செய்து மறுபடி இணைப்பு, டியூபின் இரண்டு முனை, ரெகுலேட்டர் உடம்பு என்று தடவ வேண்டும். கச்சான் காற்று நேரே அடிக்கும் ஜன்னலை இந்த ஐந்து நிமிடம் சாத்தி வைப்பது நல்லது. காற்றில் நுரை உடைந்து கசிவு தெரியாமல் போகும். ரெகுலேட்டரின் மேலே ஊசித்துளை போல ஒரு காற்றுத்துளை இருக்கும். அதன் ஓரத்தில் குமிழி வந்தால் உள்ளே இருக்கும் ரப்பர்த் தாள் கிழிந்திருக்கிறது. அதைப் பழுது பார்க்க முடியாது, மாற்றத்தான் வேண்டும். இணைப்பில் குமிழி வந்தால் இன்னொரு கேள்வி: இந்த சிலிண்டரில் மட்டுமா, எல்லாவற்றிலுமா? ஒன்றில் மட்டும் வந்தால் அந்த சிலிண்டரின் வாஷர் கெட்டது. எந்த சிலிண்டரில் மாட்டினாலும் வந்தால் ரெகுலேட்டரின் மூக்கு உப்பால் அரித்து மேடுபள்ளமாகிவிட்டது. இது தெரியாமல்தான் நல்ல ரெகுலேட்டரை மாற்றச் சொல்லி ஜனங்கள் வருகிறார்கள், கெட்ட ரெகுலேட்டரை வைத்துக்கொண்டு சிலிண்டரைத் திட்டுகிறார்கள்.

மூக்கால் முகர்ந்தால் போதாதா என்று கேட்பீர்கள். கருவாடு காயும் வீட்டில், வாளை பொரியும் நேரத்தில் முகர்ந்து பாருங்கள். கேஸில் கலந்திருக்கும் வாடை மெல்லிய கசிவில் அந்த நாற்றத்துக்குள் மறைந்துவிடும். கேஸ் காற்றைவிடக் கனமானதால் தரையோடு படியும், நிற்கிற ஆளின் மூக்குக்குத் தாமதமாகத்தான் வரும். சோப்புக்குக் கருவாடு வாடை தெரியாது.

இப்போது நாங்கள் கேட்பது. சிலிண்டர் இறக்கும் தம்பி ஒவ்வொருவர் பையிலும் ஒரு சோப்புத் தண்ணீர் பாட்டில், சரியான அளவில் பத்து புது வாஷர், நாலைந்து வெள்ளை மூடி கொடுத்தனுப்புங்கள். மூடியின் நூல் அறுந்து தொலைந்த வீடுகள்தான் இங்கே அதிகம். ரெகுலேட்டர் மாட்டிக்கொண்டது என்று போன் வந்தால் அன்றைக்கே மெக்கானிக் போகட்டும். நாளை வருகிறோம் என்று சொல்கிற இரவில்தான் ஸ்குரூடிரைவர் வெளியே வருகிறது. மாதம் ஒருமுறை ஈரத்துணியால் வளையத்தைத் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி, வளையத்தை நாலு முறை மேலும் கீழும் நகர்த்திப் பார்க்கச் சொல்லி சிலிண்டர் ரசீதின் பின்பக்கம் தமிழில் இரண்டு வரி அச்சடியுங்கள். விசைப்படகில் சமைக்க 5 கிலோ சிலிண்டர் எடுத்துப் போகிறவர்களுக்கு மாதம் ஒருமுறை போதாது, கரை திரும்பும் ஒவ்வொரு முறையும் துடைக்க வேண்டும் என்று தனியாகச் சொல்லுங்கள். தம்பிகளுக்கு இந்த அழுத்தித் தூக்கும் முறையை ஒரு மாலை நேரத்தில் செய்து காட்ட நாங்கள் கூலி வாங்காமல் வருகிறோம். பழைய வால்வும், மாட்டிக்கொண்ட ரெகுலேட்டரும் எங்களிடமே நிறைய இருக்கின்றன.

இப்படிக்கு,
கடலோரத்து அடுப்பு, ரெகுலேட்டர் பழுது பார்ப்பவர்கள்