லோயர் சர்க்யூட்டில் பூட்டப்படும் பங்குகளுக்கு ஓர் ஏல நேரம் வேண்டும்: செபிக்கு ஒரு திறந்த மடல்

இந்தியப் பங்கு மற்றும் பரிவர்த்தனை வாரியத்தின் தலைவர் அவர்களுக்கும், தேசியப் பங்குச்சந்தை, மும்பைப் பங்குச்சந்தை ஆகியவற்றின் கண்காணிப்புப் பிரிவினருக்கும்,

வணக்கம்.

சந்தை முழுவதும் சரியும்போது ஒரு விதியும், ஒரு பங்கு மட்டும் சரியும்போது வேறொரு விதியும் நம் சந்தைகளில் நடைமுறையில் உள்ளன. இரண்டையும் மக்கள் ‘சர்க்யூட்’ என்றே அழைக்கிறார்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் அவை செய்யும் வேலை ஒன்றல்ல. முதலாவது வணிகத்தை நிறுத்தி வைத்து, குறித்த நேரத்தில் ஏலத்தின் வழியே மீண்டும் திறக்கிறது. இரண்டாவது வணிகத்தை நிறுத்துவதே இல்லை. விலையை மட்டும் ஓரிடத்தில் கட்டிப்போடுகிறது. முதலாவதில் உள்ள அந்த ஏலத்தை இரண்டாவதிலும் சேர்க்க வேண்டும் என்று கேட்பதற்காகவே இந்த மடலை எழுதுகிறேன்.

முதல் விதி எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்பதற்கு 2020 மார்ச் 13, வெள்ளிக்கிழமை காலையே சாட்சி. முந்தைய நாள் 9,590 புள்ளிகளில் முடிந்திருந்த நிஃப்டி, சந்தை திறந்த சில நிமிடங்களிலேயே 10 சதவீதத்துக்கும் மேல் விழுந்தது. பகல் ஒரு மணிக்கு முன்பு குறியீடு 10 சதவீதம் நகர்ந்தால் 45 நிமிடம் நிறுத்த வேண்டும் என்பது விதி. அதன்படி பங்குகளும் பங்குகளின் ஃப்யூச்சர், ஆப்ஷன் வணிகமும் நாடு முழுவதும் நின்றன. அதன்பின் 15 நிமிடம் ஏல முறையில் ஆர்டர்கள் திரட்டப்பட்டு, சுமார் 10.20 மணிக்குச் சந்தை மீண்டும் திறந்தது. அன்று மாலை நிஃப்டி 9,955-இல், அதாவது முந்தைய நாளைவிட 365 புள்ளிகள் மேலே முடிந்தது. நிறுத்தியதால்தான் சந்தை ஏறியது என்று நான் வாதிடவில்லை. பத்து நாள் கழித்து, மார்ச் 23 அன்று, இதே நிறுத்தத்துக்குப் பிறகும் சந்தை மேலும் சரிந்து 13 சதவீத இழப்பில் முடிந்தது. ஏறினாலும் இறங்கினாலும் அந்த இரண்டு நாட்களிலும் விற்க விரும்பியவரால் விற்க முடிந்தது, வாங்க விரும்பியவரால் வாங்க முடிந்தது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இனி இரண்டாவது விதிக்கு வருகிறேன். ஃப்யூச்சர், ஆப்ஷன் வணிகம் இல்லாத பங்குகளுக்கு ஒரு நாளில் 2, 5, 10 அல்லது 20 சதவீதம் என்று ஒரு விலை வரம்பு, அதாவது பேண்ட், விதிக்கப்படுகிறது. லோயர் சர்க்யூட் எனப்படும் அந்தக் கீழ் எல்லையைப் பங்கு தொட்டதும் திரையில் தெரிவதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். மார்க்கெட் டெப்த் பெட்டியில் வாங்குவோர் பக்கம் ஐந்து வரிகளும் சுழியமாக இருக்கும். விற்போர் பக்கம் ஒரே விலை, அதற்கு எதிரே லட்சக்கணக்கில் பங்குகள். வணிகம் நிறுத்தப்படவில்லை, யாரேனும் வாங்க வந்தால் அந்த விலைக்கு உடனே கிடைக்கும். ஆனால் நாளை இன்னும் 5 சதவீதம் குறைவாகக் கிடைக்கும் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கும்போது இன்று யார் வருவார்கள்?

என் பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். 5 சதவீத பேண்டில் இருந்த ஒரு சிறு நிறுவனத்தின் 400 பங்குகளை அவர் வைத்திருந்தார். விலை 250 ரூபாய், மொத்த மதிப்பு ஒரு லட்சம். ஒரு மாலை அந்த நிறுவனத்தைப் பற்றிக் கெட்ட செய்தி வந்தது. மறுநாள் 9.15-க்கு ஆர்டர் போட்டார். பங்கு அதற்கு முன்பே 237 ரூபாய் 50 காசில் பூட்டிவிட்டது. அடுத்த நாள் 225 ரூபாய் சொச்சம், அதற்கடுத்த நாள் 214 ரூபாய் சொச்சம். மூன்றாம் நாள் எப்படியோ 35 பங்குகள் விற்றன. மீதி 365 பங்குகள் ஒன்பதாம் நாள் பூட்டுத் திறந்த பிறகுதான், ஏறத்தாழ 157 ரூபாய் 50 காசுக்கு விற்றன. கைக்கு வந்தது சுமார் 65,000 ரூபாய். “ஒரு நாளைக்கு அஞ்சு சதவீதத்துக்கு மேல நஷ்டம் வராதுன்னுதானே சார் சொன்னாங்க” என்று அவர் என்னிடம் கேட்டார். அப்படிச் சொன்னவர் பொய் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு 5 சதவீதம்தான். ஒன்பது நாளும் அப்படியே நடந்தால் 37 சதவீதம்.

இந்த ஒன்பது நாட்களில் அவரைப் பாதித்தது விலை மட்டுமல்ல, வரிசையும்தான். நம் சந்தையில் ஆர்டர்கள் விலை முன்னுரிமை, பிறகு நேர முன்னுரிமை என்ற ஒழுங்கில் பொருந்துகின்றன. லோயர் சர்க்யூட்டில் எல்லோரும் ஒரே விலையைத்தான் கேட்க முடியும் என்பதால் விலை முன்னுரிமைக்கு அங்கே பொருளில்லை. யார் முதலில் வந்தார் என்பது மட்டுமே மிஞ்சுகிறது. விற்காத ஆர்டரோ அன்று மாலையோடு காலாவதியாகிவிடும். நேற்று முழுவதும் வரிசையில் நின்றவர் இன்று காலை மறுபடியும் கடைசியில் இருந்து தொடங்க வேண்டும். ரேஷன் கடையில்கூட நேற்றைய டோக்கனுக்கு ஏதாவது மதிப்பு இருக்கும். முந்தைய இரவே புரோக்கரின் செயலியில் ஆர்டர் போட்டு வைத்தாலும், அது காலையில்தான் புதிய ஆர்டராகச் சந்தைக்குப் போகிறது. வேகமான இணைப்பும் கணினியும் உள்ளவர் ஒவ்வொரு காலையும் முதலில் நிற்பார். ஆசிரியர் ஒவ்வொரு காலையும் பின்னால் நிற்பார்.

ஸ்டாப் லாஸ் போட்டிருந்தால் தப்பித்திருக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். பங்கு திறக்கும்போதே கீழ் எல்லையில் பூட்டிக்கொண்டால் ஸ்டாப் லாஸ் தூண்டப்பட்டு, அதே நெடிய வரிசையில் இன்னோர் ஆர்டராகப் போய் நிற்கும், அவ்வளவுதான். கடன் வாங்கிப் பங்கு வைத்திருப்பவரின் நிலை இன்னும் மோசம். புரோக்கர் நினைத்தாலும் அந்தப் பங்கை விற்க முடியாது; பற்றாக்குறை நாள்தோறும் வளர்ந்து, வாடிக்கையாளரின் மற்ற நல்ல பங்குகளை விற்று ஈடுகட்டப்படும்.

இதற்குக் கண்காணிப்புப் பிரிவினர் வழக்கமாகத் தரும் மருந்து, பேண்டை மேலும் சுருக்குவது. 2023 ஜனவரி இறுதியில் அதானி டோட்டல் கேஸ் பங்கு அடுத்தடுத்த இரு வர்த்தக நாட்களில் 20 சதவீதக் கீழ் எல்லையில் நின்றது. பிறகு பேண்ட் 10 ஆகவும் 5 ஆகவும் குறைக்கப்பட்டது; பங்கு வாரக்கணக்கில் லோயர் சர்க்யூட்டிலேயே இறங்கிக்கொண்டிருந்தது. பேண்ட் சுருங்கியதும் அன்றன்றைய சரிவு சிறியதாகத் தெரிந்தது உண்மை. ஆனால் வாங்குபவர் ஏற்கும் விலையை அடைவதற்கான நாட்கள் கூடின; வெளியேற முடியாமல் மாட்டிக்கொண்ட நாட்களும் கூடின.

அப்படியானால் பேண்டே வேண்டாமா? அதையும் நான் கேட்கவில்லை. பேண்ட் இல்லாத சரிவு எப்படியிருக்கும் என்பதை 2020 மார்ச் 6 அன்று யெஸ் வங்கியில் பார்த்தோம். முந்தைய நாள் மாலை ரிசர்வ் வங்கி அந்த வங்கியின் மீது தடைக்காலம் அறிவித்திருந்தது. ஃப்யூச்சர் வணிகம் உள்ள பங்கு என்பதால் அதற்கு நிலையான பேண்ட் இல்லை. 10 சதவீதத்தில் தொடங்கித் தேவைக்கேற்ப விரியும் வரம்பு மட்டுமே இருந்தது. முந்தைய நாள் 36 ரூபாய் சொச்சத்தில் முடிந்த பங்கு அன்று 16 ரூபாய் சொச்சத்தில் முடிந்தது. விற்க நினைத்த எவரும் அன்றே விற்க முடிந்தது என்பது அதன் நல்ல பக்கம். ஆனால் நடுவே அதே பங்கு 6 ரூபாய்க்கும் கீழே போய் வந்தது. பதற்றத்தில் அந்த நேரத்தில் விற்றவருக்கு, மாலையில் விற்றவருக்குக் கிடைத்ததில் பாதிகூடக் கிடைக்கவில்லை. பூட்டி வைப்பதிலும் கேடு இருக்கிறது, கட்டவிழ்த்து விடுவதிலும் கேடு இருக்கிறது. சந்தை முழுவதற்குமான விதியில் நீங்களே வைத்திருக்கும் ஏலம் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

தனிப் பங்குக்கு ஏலம் என்பது தங்களுக்குப் புதிதும் அல்ல. முதலீட்டு நிறுவனங்களின், பிற நிறுவனங்களின் பங்குகளைக் கையில் வைத்திருக்கும் நிறுவனங்களின் பங்கு விலை அவற்றின் சொத்து மதிப்புக்குச் சற்றும் தொடர்பில்லாமல் கிடப்பதைக் கண்டு, விலை வரம்பே இல்லாத சிறப்பு ஏலத்துக்கு 2024-இல் தாங்களே வழி செய்தீர்கள். அதன்படி 2024 அக்டோபர் 29 அன்று மும்பைப் பங்குச்சந்தையில் நடந்த ஏலத்தில், 3 ரூபாய் 53 காசில் கிடந்த எல்சிட் இன்வெஸ்ட்மென்ட்ஸ் பங்கு இரண்டேகால் லட்சம் ரூபாயில் திறந்தது. 3 ரூபாய்க்கு விற்க யாருக்கும் மனமில்லாததால் அந்தப் பங்கில் வணிகமே நடக்காமல் இருந்தது. விலையை எட்ட விடாமல் வரம்பே தடுக்கும் என்பதைத் தாங்கள் ஏற்றுக்கொண்டதால்தான் அந்த ஏலம் நடந்தது. மேலே போக வேண்டிய பங்குக்குத் திறந்த அந்தக் கதவைக் கீழே போக வேண்டிய பங்குக்கும் திறக்க வேண்டும் என்றே கேட்கிறேன்.

என் கோரிக்கையின் வடிவம் இது. ஒரு பங்கு தொடர்ந்து மூன்று நாள் கீழ் எல்லையில் பூட்டியே முடிந்து, விற்க நின்ற பங்குகளில் மிகச் சிறு பகுதியே கைமாறியிருந்தால், நான்காம் நாள் காலை ஒரு மணி நேரம் அந்தப் பங்குக்கு ஏலம் நடத்துங்கள். வழக்கமான பேண்டைவிட மிக அகலமான வரம்பு அதற்கு இருக்கட்டும். விலை குறிப்பிடாத ஆர்டர்களை ஏற்க வேண்டாம்; 6 ரூபாய்க்கு விற்றுவிட்டு மாலையில் வருந்தும் நிலை அப்படிப்பட்ட ஆர்டர்களால் வரக்கூடும். அந்த ஒரு மணி நேரமும், இப்போதைய நிலையில் எந்த விலையில் எத்தனை பங்குகள் பொருந்தும் என்பது திரையில் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும். முடிவில் கிடைக்கும் ஒரே விலையில் அனைவருக்கும் வணிகம் முடிய வேண்டும்; அந்த விலையே அன்றைய பேண்டுக்கு அடிப்படையாக வேண்டும்.

இரண்டு, மூன்று பேர் கூட்டுச் சேர்ந்து ஏலத்தில் அடிமாட்டு விலைக்குப் பங்கை அள்ளிவிடுவார்கள் என்ற அச்சம் நியாயமானது. தனித்தனி பான் எண் கொண்ட, ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத வாங்குவோரும் விற்போரும் ஒரு குறைந்தபட்ச எண்ணிக்கையில் இல்லாவிட்டால் ஏலம் செல்லாது என்று விதித்தால் அதைப் பெருமளவு தடுக்கலாம். செல்லாமல் போனால் பழைய பேண்டே தொடரட்டும். அடுத்த நாள் மீண்டும் ஏலம் நடக்கட்டும்.

ஏல முறை வகுக்கக் காலம் பிடிக்கும் என்றால், அதுவரை இரண்டு சிறு மாற்றங்களையாவது செய்யலாம். பூட்டிய பங்கில் விற்காமல் நின்ற ஆர்டரை, அதற்கு உரியவர் விரும்பினால், அதே வரிசை எண்ணோடு மறுநாளின் கீழ் எல்லை விலைக்கு மாற்றி நிறுத்துங்கள். அத்துடன், ஒருவர் பங்கை வாங்கும் திரையில் அதன் பேண்ட் எவ்வளவு என்பதையும், கடந்த ஓராண்டில் எத்தனை நாள் அது கீழ் எல்லையில் முடிந்தது என்பதையும் விலைக்குப் பக்கத்திலேயே காட்டும்படி புரோக்கர்களுக்கு உத்தரவிடுங்கள். அந்தத் தகவல் சந்தைகளிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஆசிரியர் அந்த 400 பங்குகளை வாங்கிய அன்று அவருடைய கைப்பேசித் திரையில் அது இல்லை.

தங்கள் உண்மையுள்ள,
மதுரையிலிருந்து ஒரு சிறு முதலீட்டாளர்