பதினோராம் வகுப்பு கணித விடைத்தாள் திருத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு, வணக்கம்.

போன மாதம் என் அக்கா மகள் தன் தேர்வுத்தாளோடு வந்தாள். கேள்வி sin x + cos x = 1 என்ற சமன்பாட்டின் பொதுத் தீர்வு. அவள் எழுதியிருந்தது:

x = nπ + (−1)ⁿ π/4 − π/4

விடைக்குறிப்பில் இருந்தது x = 2nπ, x = 2nπ + π/2. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று சிவப்பு மையில் அடித்திருந்தார்கள். எனக்கு மனது கேட்கவில்லை, உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன்.

இடப்பக்கத்தை √2 cos(x − π/4) என்று எழுதினால் cos(x − π/4) = 1/√2. அப்போது x − π/4 = 2nπ ± π/4; விடைக்குறிப்பில் இருக்கும் இரண்டு தீர்வுகளும் கிடைக்கும். அவளோ √2 sin(x + π/4) என்று எழுதி, sin சமன்பாட்டுக்கான சூத்திரத்தைப் போட்டிருக்கிறாள். அதுவும் சரியான வழிதான். அவள் விடையில் n இரட்டை எண் என்று வைத்து n = 2k போட்டால் π/4-கள் அடிபட்டு 2kπ வரும். ஒற்றை எண் என்று n = 2k + 1 போட்டால் 2kπ + π − π/4 − π/4, அதாவது 2kπ + π/2. விடைக்குறிப்பில் இருக்கும் அதே கோணங்கள். ஒன்றுகூடக் கூடவில்லை, குறையவில்லை.

அதே வகுப்பில் இன்னொரு பிள்ளை இருபுறமும் வர்க்கப்படுத்தி sin 2x = 0 என்று கொண்டுவந்து, x = nπ/2 என்று முடித்திருக்கிறான். பார்க்க அழகாக இருக்கிறது, ஆனால் தவறு. x = π என்று போடுங்கள்: 0 − 1 = −1. 3π/2 போட்டாலும் −1 தான். வர்க்கப்படுத்தும்போது sin x + cos x = −1 என்ற சமன்பாட்டின் தீர்வுகளும் சேர்ந்து உள்ளே வந்துவிடுகின்றன. முதல் சமன்பாட்டில் போட்டுப் பார்த்து அவற்றை நீக்கியிருந்தால் அவன் விடையும் சரியாகியிருக்கும்.

ஆக, விடையின் உருவத்தைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. எளிய சோதனை ஒன்று உண்டு. இந்தச் சமன்பாடு 2π-க்கு ஒருமுறை அப்படியே திரும்புவதால், மாணவர் விடையில் n-க்கு எண்களைப் போட்டு [0, 2π)-க்குள் விழும் கோணங்களை எழுதுங்கள். அவள் விடையில் 0, π/2 என இரண்டே வரும். அவன் விடையில் 0, π/2, π, 3π/2 என நான்கு வரும். சரியான பட்டியலோடு ஒப்பிட ஒரு நிமிடம்கூட ஆகாது.

அப்புறம், கேள்வியிலேயே இடைவெளி கொடுத்திருந்தால் அடைப்புக்குறியையும் கவனியுங்கள். [0, 2π] என்றால் 2π-யும் சேர்ந்து மூன்று தீர்வுகள், [0, 2π) என்றால் இரண்டுதான்.

விடைக்குறிப்பு தயாரிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: பொதுத் தீர்வுக்குக் கீழே "இதற்குச் சமமான வேறு வடிவங்களுக்கும் முழு மதிப்பெண்" என்று ஒரு வரி சேருங்கள். பக்கத்தில் [0, 2π)-க்குள் வரும் கோணங்களையும் அச்சிட்டுவிட்டால் திருத்துபவருக்கு ஒப்பிட வசதியாக இருக்கும்.

அன்புடன்,
கணிதம் படித்த ஒரு சித்தி