எதிர் அபார்ட்மென்ட் ஓவிய வகுப்பு பற்றி

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். பள்ளிக்கு எதிரே உள்ள அபார்ட்மென்ட்டின் இரவு வாட்ச்மேன் ஐயாவிடம் பிள்ளைகளை ஓவியம் கற்க அனுப்பலாமா என்று பலரும் கேட்கிறீர்கள். தாராளமாக அனுப்பலாம்.

அவர் ஒரு காலத்தில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதியவர். பிளெக்ஸ் வந்ததும் அந்தத் தொழில் படுத்துவிட்டது, ஆனால் கை மறக்கவில்லை. சனி, ஞாயிறு மாலை 4 மணிக்கு, கார் நிறுத்தும் இடத்தில் பாய் விரித்து வகுப்பு நடக்கிறது. போன வாரம் நானும் போய் உட்கார்ந்து பார்த்தேன்.

பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு எவர்சில்வர் குடம். பிள்ளைகள் பாதிப்பேர் வாயை முழு வட்டமாகவும், அடியை ஸ்கேல் வைத்த மாதிரி நேர்க்கோடாகவும் போட்டிருந்தார்கள். ஐயா ரப்பரைத் தொடவிடவில்லை. "குனிஞ்சு பாரு, அப்புறம் எழுந்து நின்னு பாரு" என்றார், அவ்வளவுதான். கண், குடத்தின் வாய்மட்டத்துக்கு இறங்கினால் வாய் ஒரே கோடாகிவிடும், எழுந்து நின்றால் நீள்வட்டமாக விரியும். அடி கண்ணுக்கு இன்னும் கீழே இருப்பதால் அங்கே வளைவு வாயைவிடக் கூடத்தான் இருக்க வேண்டும், இதைப் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். அளவுக்குப் பென்சிலை நீட்டி ஒரு கண்ணை மூடிப் பார்க்கச் சொல்கிறார். முழங்கை மடங்கினால் அளவு மாறிவிடும், அதற்குத்தான் அதிகம் திட்டு விழுகிறது.

இனி பணம். முதலில் வகுப்புக்கு 20 ரூபாய் வாங்கினார். மழை, திருவிழா, பரீட்சை என்று ஏதாவது வந்தால் அந்த வாரம் கையில் ஒன்றும் நிற்காது, பேப்பர் செலவு மட்டும் அப்படியே இருக்கும். இப்போது மாதம் 200 ரூபாய், பிள்ளை வந்தாலும் வராவிட்டாலும். 15 பேருக்கு 3,000, அதில் பேப்பர் பென்சிலுக்கு 400 போனால் 2,600 மிஞ்சும். அவர் வீட்டு வாடகையில் பாதி அதில் அடைகிறது. மே மாதம் எல்லாரும் ஊருக்குப் போய்விடுவதால் அந்த மாதம் மட்டும் 100 கொடுத்தால் இடம் உங்கள் பிள்ளைக்கே இருக்கும். இது நானும் அவரும் பேசி வைத்த ஏற்பாடு. அவராக வாய்விட்டுக் கேட்க மாட்டார், அதனால்தான் நான் எழுதுகிறேன்: 5-ஆம் தேதிக்குள் கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்று. அறிவியல் ரெக்கார்டு நோட்டில் படம் வரைந்து தரச் சொல்லிச் சில வீடுகளிலிருந்து போகிறார்களாம். வேண்டாம், அது பிள்ளை வரைய வேண்டியது, மதிப்பெண்ணும் அதற்குத்தான். விடிய விடிய விழித்திருப்பவர், மதியம் 2 மணி வரை தூங்குவார். சேர்க்கை கேட்க அதற்கு முன்னால் கதவைத் தட்டாதீர்கள்.

வரும் சனிக்கிழமை பார்த்து வரைய ஆளுக்கொரு டம்ளர் கொடுத்தனுப்புங்கள், கண்ணாடி வேண்டாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்