பந்துக்கு எடை வந்த கதை

ஆசிரியருக்கு வணக்கம்.

ஓய்வுபெற்ற கார்ட்டூனிஸ்ட் ஒருவர் கிராமத்துச் சிறுவனுக்கு ஓவியங்களை இரவல் கைப்பேசியில் ஒவ்வொன்றாகப் படமெடுத்து அனிமேஷன் செய்யக் கற்றுத்தரும் சிறுகதையை ஞாயிறு இதழில் படித்தேன். பந்து துள்ளும் பகுதி அசல். பந்துகளைச் சம இடைவெளியில் வரைகிறான் பையன். அது துள்ளாமல் மிதக்கிறது. உச்சியில் நெருக்கியும் தரையை நெருங்க நெருங்கத் தள்ளித் தள்ளியும் வரையச் சொல்கிறார் பெரியவர். பந்துக்கு எடை வந்துவிடுகிறது!

ஆனால், படம் மினுக்குவதற்குப் பையனின் கைநடுக்கத்தைக் காரணம் காட்டுவது சரியில்லை. கை நடுங்கினால் படம் குலுங்கும், மினுக்காது. வெளிச்சம் மாறும்போதெல்லாம் கைப்பேசி தானாகவே ஒளியளவைத் திருத்திக்கொள்வதால்தான் ஒரு படம் வெளுத்தும் அடுத்தது கறுத்தும் பதிவாகிறது. பெரும்பாலான கைப்பேசிகளில் திரையை விரலால் அழுத்திப் பிடித்தால் ஒளியளவும் ஃபோகஸும் நிலைத்துவிடும். மேகம் குறுக்கிட்டால் அதுவும் பலிக்காது. ஜன்னலை அடைத்துவிட்டு விளக்கொளியில்தான் எடுக்க வேண்டும்.

நொடிக்கு 12 ஓவியம் என்று பெரியவரே சொல்கிறார். அப்படியானால் பையனின் ஒரு நிமிடப் படத்துக்கு 720. அதை இரண்டு மாலைகளில் ஒரு சிறுவன் வரைந்து முடித்தான் என்பதை, மன்னிக்கவும், என்னால் நம்ப முடியவில்லை. தினமும் இரவில் திருப்பிக் கொடுக்கும் கைப்பேசியை மறுநாள் இம்மி பிசகாமல் அதே இடத்தில் எப்படி வைத்தார்கள் என்பதையும் கதாசிரியர் எழுதியிருக்கலாம்.

– ஒரு வாசகர், தேனி