குழாய்த் திருப்பணி நிறைவு அறிக்கை: இஞ்ச் கணக்கில் போன நான்கு நாள்

உறுப்பினர்களுக்கும் உபயதாரர்களுக்கும் வணக்கம். போர்வெல்லிலிருந்து மேல்நிலைத் தொட்டி வரைக்கும், அங்கிருந்து மடப்பள்ளிக்கும் கால் கழுவும் இடத்துக்கும் புதுக் குழாய் போட்டு முடித்தாயிற்று. தண்ணீர் நன்றாக வருகிறது. வேலை நான்கு நாள் தாமதமானது ஏன் என்று பலர் கேட்டீர்கள். தப்பு எங்களுடையதுதான்.

மோட்டார் லைனுக்கு வாங்கியது இரண்டு இஞ்ச் பி.வி.சி. பைப். பைப் திரும்பும் இடங்களில் மாட்டும் எல்போ வாங்கச் சீட்டு எழுதியபோது, ஒரு இஞ்ச் 25.4 மி.மீ. என்று பெருக்கி, '50 மி.மீ. எல்போ 14' என்று எழுதிவிட்டோம். கடைக்காரர் கேட்டதைக் கொடுத்தார். ஒன்றுகூட பைப்பில் ஏறவில்லை.

விஷயம் இதுதான். அந்தப் பைப்பில் மி.மீ. என்பது வெளி விட்டம். இஞ்ச் என்பது வழக்கத்தில் வந்த பெயர் மட்டும். இரண்டு இஞ்ச் என்றால் 63 மி.மீ.; 50 மி.மீ. என்பது ஒன்றரை இஞ்ச். அதேபோல ஒரு இஞ்சுக்கு 32, முக்காலுக்கு 25, அரைக்கு 20. பெருக்கிப் பார்த்தால் எதுவும் ஒத்து வராது.

சரி, இனி மி.மீ. வேண்டாம் என்று 'இரண்டு இஞ்ச் எல்போ' என்றே கேட்டோம். இம்முறை வந்தவை ஷெட்யூல் 80 என்ற வேறு அளவு முறையைச் சேர்ந்த வகை. அந்த வகையில் இரண்டு இஞ்சின் வெளி விட்டம் 60.3 மி.மீ., நம் பைப்போ 63. பைப்பைச் சூடு காட்டி நுழைத்துவிடலாம் என்றார் பிளம்பர், நாங்கள் சம்மதிக்கவில்லை. இதற்கு நேர்மாறாக, 60 பைப் 63 எல்போவில் சுலபமாக நுழைந்துவிடும். அதுதான் ஆபத்து. சொல்யூஷனை அப்பினால் ஒட்டியதுபோல் இருக்கும், மோட்டார் போட்டதும் கசியும்.

அப்புறம் ஒரு காகிதப் பட்டையைப் பைப்பைச் சுற்றி வைத்து அளந்தோம். சுற்றளவு 19.8 செ.மீ.; 3.14ஆல் வகுத்தால் 6.3 செ.மீ. 60 வகையாக இருந்தால் 18.9 வந்திருக்கும். ஒரு செ.மீ. அளவுக்கு வித்தியாசம், சாதாரண டேப்பிலேயே தெரிந்துவிடுகிறது. முதல் நாளே இதைச் செய்திருக்கலாம்.

மடப்பள்ளி வெந்நீர் லைனில் இன்னொரு குழப்பம் காத்திருந்தது. அங்கே போட்டது வெந்நீர் தாங்கும் சி.பி.வி.சி. பைப். அதில் 25 மி.மீ. என்று விற்பது ஒரு இஞ்ச் பைப். வெளி விட்டம் 28.6. பி.வி.சி.யில் 25 என்றால் முக்கால் இஞ்ச். இரண்டு பெட்டியிலும் 25 என்றே இருந்ததால், இம்முறை ஒரு துண்டுப் பைப்பைக் கையோடு கொண்டுபோய்ப் பொருத்திப் பார்த்தே வாங்கினோம்.

குழாய்த் திருகு மரை மட்டும் எல்லா வகைக்கும் இஞ்சில்தான். கால் கழுவும் இடத்துக்கு '20 மி.மீ. பி.வி.சி., அரை இஞ்ச் உள்மரை' என்று இரண்டு அளவையும் சேர்த்து எழுதிக் கொடுத்தோம்; அப்படியே சரியாகக் கிடைத்தது.

மாறி வந்தவற்றைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொண்டார், சொல்யூஷன் தடவிய இரண்டு 50 மி.மீ. எல்போ நீங்கலாக. அவை பொருள் அறையில் இருக்கின்றன.