மதுரை ஜெராக்ஸ் கடைத் தம்பிக்கும் மற்ற எல்லாருக்கும்

அந்த ஞாயிற்றுக்கிழமை மகளை நீட் பரீட்சைக்கு மதுரைக்குக் கூட்டிப்போகும் வழியில், மலைமேல் கேப் ரோட்டில் மழையில் மரம் விழுந்து நாங்கள் மாட்டிக்கொண்டது மூணாறில் தெரியாதவர் இல்லை. அதைத் திரும்ப எழுத எனக்குத் தெம்பும் இல்லை. மரத்தை அறுத்தவர்கள், கொட்டுகிற மழையில் என் மகளைக் கைபிடித்து அந்தப் பக்கம் கடத்திவிட்டவர்கள், பூப்பாறையிலிருந்து ஜீப்பைத் திருப்பிக்கொண்டு வந்தவர், போடி பஸ் ஸ்டாண்டில் மாற்றுச் சுடிதாரோடு நின்ற என் கொழுந்தியா, எல்லாருக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஒவ்வொருவரையும் நேரில் வந்து பார்ப்பேன்.

நேரில் போய்ச் சொன்னாலும் தீராத கடன் ஒன்று மதுரையில் இருக்கிறது.

பகல் 12 மணி வாக்கில் சென்டர் வாசலுக்கு வந்துவிட்டோம். கேட் 1.30க்கு மூடுவார்கள், பரீட்சை 2 மணிக்கு. அப்பாடா என்று பையைத் திறந்தால் அட்மிட் கார்டு கூழாகிக் கிடக்கிறது. இரண்டாம் பக்கத்தில் ஒட்டியிருந்த போஸ்ட்கார்டு சைஸ் போட்டோவில் பிள்ளையின் முகம் பாதி அழிந்திருந்தது. லேமினேஷன் போட்டிருந்ததால் ஆதார் மட்டும் தப்பியது. ஞாயிற்றுக்கிழமை, தெருவில் ஒரு கடை திறந்தில்லை. ஜெராக்ஸ் என்று எழுதிய ஒரு ஷட்டரை நான் தட்ட, மாடியிலிருந்து கைலியோடு ஒருவர் எட்டிப் பார்த்தார். சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு இறங்கி வந்தார்.

பிடிஎஃப் என் போனில் இருந்தது, அது உடனே வந்துவிட்டது. போட்டோதான் இழுத்தடித்தது. விண்ணப்பம் போட்ட இடத்தில் படத்தை 200 கேபிக்குள் சுருக்கி ஏற்றியிருந்தார்கள். அதையே நாலுக்கு ஆறு அங்குலத்தில் எடுத்தால் முகம் கலங்கித் தெரிந்தது. நான் பரவாயில்லை என்றேன். அவர் விடவில்லை. "ஸ்டுடியோக்காரர் அனுப்புன பெரிய படம் இருக்கும், வாட்ஸ்அப்ல தேடுங்கண்ணே" என்றார். மேலே தள்ளிக்கொண்டே போனேன், பிப்ரவரியில் இருந்தது. வெள்ளைப் பின்னணி, இரண்டு காதும் தெரிகிறது. அடித்து எடுத்து, ஃபேனுக்கு நேரே பிடித்துக் காயவைத்து, அவரே கோந்து தடவி ஒட்டினார். முதல் பக்கத்துக் கட்டத்துக்குச் சின்னப் படம் ஒன்று, உள்ளே வருகைத்தாளில் ஒட்ட இன்னொன்று.

மகள் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போடப் போனாள். சட்டென்று தாளின்மேல் கையை வைத்துவிட்டார். "பாப்பா, போட்டுறாத. கண்காணிப்பாளர் முன்னாடிதான் போடணும். இடது பெருவிரல் ரேகைதான் இங்கயே வச்சுட்டுப் போகணும்." அவருடைய இங்க் பேடிலேயே ரேகை வைக்கச் சொல்லி, கலங்காமல் விழுந்ததா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். நனைந்த பழைய தாளில் நாங்கள் வீட்டிலேயே கையெழுத்துப் போட்டு வைத்திருந்தோம். அதைக் காட்டினேன். "அப்ப மழை பெய்ஞ்சது நல்லதாப் போச்சுண்ணே" என்று சிரித்தார்.

எவ்வளவு என்றேன். எழுபது ரூபாய் என்றார். காசே வேண்டாம் என்று சொல்லியிருந்தால் கூசிப்போயிருப்பேன். என்னையும் ஒரு வாடிக்கையாளனாக நடத்தினார் பாருங்கள், அதை இப்போதும் நினைத்து நினைத்து ஆறுதல்பட்டுக்கொள்கிறேன். பெயர் கேட்கவில்லை. ஒன்றேகாலுக்கு மகள் உள்ளே போனாள்.

கேரளாவிலேயே எழுதவைத்திருக்கலாமே என்று சிலர் கேட்டீர்கள். கேரள சென்டரில் இங்கிலீஷும் இந்தியும் மலையாளமும்தான் கிடைக்கும். நீட் வினாத்தாள் தமிழில் வேண்டுமென்றால் கேரளாவை விட்டுத் தமிழ்நாட்டு சென்டருக்குப் போகணும். நம் மூணாறில் வீட்டுக்கு வீடு தமிழ் பேசினாலும் கணக்கில் நாம் கேரளா. பிள்ளை போடியில் சித்தி வீட்டில் தங்கி பிளஸ் டூ வரை தமிழில் படித்தவள், தற்போதைய முகவரியும் அதுதான். அதனால் மதுரை கேட்க முடிந்தது. உந்தம், நிலைமம் என்று படித்த பிள்ளைக்கு அந்தச் சொல்லே கேள்வியில் வந்தால்தான் கை ஓடும். பக்கத்திலேயே இங்கிலீஷும் அச்சாகியிருக்கும். மொழிபெயர்ப்பில் சந்தேகம் வந்தால் இங்கிலீஷ்தான் செல்லும் என்பதால் இரண்டையும் பார்த்துத்தான் எழுதியிருக்கிறாள்.

விடிகாலையில் கிளம்பினால் போதும் என்று நினைத்தது என் தப்பு, வேறு யாருடையதும் இல்லை. சனிக்கிழமையே போடிக்கு இறங்கியிருக்க வேண்டும். கோடை மழை நேரத்தில் இந்த மலையை நம்பலாமா?

அடுத்த மே மாதம் நம் எஸ்டேட்டிலிருந்து தமிழில் நீட் எழுதுகிற பிள்ளை ஒன்று இருந்தாலும், முந்தின நாள் மதியமே ஜீப் கிளம்பும், வாடகை என்னுடையது. அட்மிட் கார்டு இரண்டு செட், தனித்தனி பிளாஸ்டிக் உறையில். மதுரையில் இறங்கியதும் அந்தக் கடைக்கு முதலில் போய், தம்பியின் பெயரைக் கேட்டுக்கொண்டு வருவேன்.