பதிவெண் மட்டும் போதாது

ஐயா,

இணையவழிப் பங்கு வர்த்தக மோசடி குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான செய்தியில், பணம் கட்டும் முன், பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி தரகருக்கு வழங்கிய பதிவெண்ணைக் கேட்டுப் பெறுமாறு அறிவுறுத்தப்பட்டிருந்தது. ஆனால், மோசடிக்காரர்கள் உண்மையான தரகு நிறுவனத்தின் எண்ணையே எடுத்துத் தருவதால் அது மட்டும் போதாது. போச்சம்பள்ளியில் மாங்காய் வியாபாரம் செய்யும் என் மைத்துனருக்கு வாட்ஸ்அப் குழுவில் INZ எனத் தொடங்கும் எண் ஒன்று வந்தது. sebi.gov.in தளத்தில் உள்ள பதிவுபெற்ற தரகர்கள் பட்டியலில் தேடியபோது எண்ணும் பெயரும் பொருந்தின. ஆனால், அங்கிருந்த மின்னஞ்சலும் தொலைபேசி எண்ணும் குழுவில் தரப்பட்டவற்றுடன் பொருந்தவில்லை. பணம் செலுத்தச் சொன்ன வங்கிக் கணக்கோ ஒரு ஜவுளிக் கடையின் பெயரில் இருந்தது.

ஆகவே, பட்டியலில் உள்ள தொலைபேசி எண்ணில் நாமே அழைத்துக் கேட்பதும், பணம் சேரும் கணக்கைச் சோதிப்பதும் அவசியம். செபியின் 'SEBI Check' வசதியில் வங்கிக் கணக்கு எண்ணையும் ஐஎஃப்எஸ்சி குறியீட்டையும் இட்டால், அது பதிவுபெற்ற நிறுவனத்தின் கணக்கா எனத் தெரிந்துவிடும். யுபிஐ வழியாகச் செலுத்துவோர், தரகரின் முகவரியில் .brk என்பதும் அதையடுத்து @valid என்பதும் உள்ளனவா எனப் பார்க்கலாம். பெருந்தொகையை வங்கிக் கிளை வழியாக அனுப்புவோரும் இருப்பதால், இம்மாவட்ட வங்கிகள் இந்தச் சோதனை முறையைப் பணப் பரிமாற்றப் படிவத்திலேயே தமிழில் அச்சிட முன்வர வேண்டும்.

- வாசகர் ஒருவர், கிருஷ்ணகிரி